வெளிநாட்டு மாநாட்டுக்கு லீவு கேட்கும் கடிதம்: கம்பெனிக்கு என்ன பயன் என்று எப்படி எழுதுவது?

“கோவையில் ஒரு சப்மெர்சிபிள் பம்ப் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் நான்கு வருடமாக இன்ஜினியராக இருக்கிறேன். பம்பில் இம்பெல்லர் வாயைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் நெக் ரிங்கின் தேய்மானம் பற்றி நான் எழுதிய கட்டுரை ஜெர்மனியில் நடக்கும் ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டுவிட்டது. ஆறு நாள் லீவு கேட்டேன். ‘இதனால கம்பெனிக்கு என்ன பயன்னு எழுதிக் கொடு’ என்கிறார் மேனேஜர். கம்பெனிக்குப் பெயர் கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. எப்படி எழுதுவது?”

பெயர் கிடைக்கும் என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த அரங்கில் உட்காரப் போகிறவர்கள் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், மற்ற பம்ப் கம்பெனிகளின் டிசைன் ஆட்கள். உங்கள் பம்பை வாங்குகிற டீலரோ, போர்வெல்லில் இறக்குகிற விவசாயியோ அங்கே வரப் போவதில்லை. இது உங்கள் மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த வரியைப் படித்ததும், சொல்வதற்கு இவரிடம் வேறு எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

பம்ப் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் 24 வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் இப்படிப்பட்ட கடிதங்களில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தேன். ஆறு பேர் கேட்டார்கள். நான்கு பேரை அனுப்பினோம், இரண்டு பேரை அனுப்பவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் விதிகள் வேறு, அவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது.

“கம்பெனிக்கு என்ன பயன்” என்று மேனேஜர் கேட்கும்போது அவர் மனதில் மூன்று விஷயங்கள் ஓடும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நம் தகவல் ஏதாவது வெளியே போகிறதா என்பது ஒன்று. இவர் இல்லாத ஆறு நாள் இவர் வேலையை யார் பார்ப்பது என்பது இன்னொன்று. திரும்பி வரும்போது கையில் என்ன கொண்டுவருவார் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லாமல் மூன்றாவதை எவ்வளவு அழகாக எழுதினாலும் அனுமதி வராது. நாங்கள் அனுப்பாத அந்த இரண்டு பேருமே முதல் கேள்வியில்தான் நின்றுபோனார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் அனுப்பியும் ஆகிவிட்டது. அனுப்பும் முன் கம்பெனியில் யாரிடமாவது அனுமதி வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் அதை மறைக்காமல், கடிதம் கொடுப்பதற்கு முன்பே மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, ரகசியக் காப்பு பற்றிய பத்தியைப் படியுங்கள். வேலை நேரத்தில், கம்பெனியின் சோதனை மேடையில் எடுத்த அளவீடுகள் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் பெரும்பாலும் இருக்கும். கட்டுரையில் உங்கள் பெயருக்குக் கீழே கம்பெனி பெயரும் போயிருக்கிறது. இது பின்னால் வேறு யார் வாயிலாகவோ தெரியவந்தால் லீவுப் பேச்சே மாறிவிடும்.

அடுத்து காப்புரிமை. உங்கள் கட்டுரையில் புதிய வடிவமைப்பு எதுவும் இல்லாமல், நெக் ரிங் இடைவெளி இவ்வளவு அகன்றால் தள்ளுவிசை இவ்வளவு கூடுகிறது என்ற அளவீடு மட்டும் இருந்தால் கவலை குறைவு. ஆனால் “இப்படி ஒரு பள்ளம் வெட்டினால் தேய்மானம் குறைகிறது” என்ற மாதிரி ஒரு வரி இருந்தாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. கண்டுபிடித்தவரே ஓர் அறிஞர் அமைப்பின் முன் கட்டுரையாக வாசித்தால், அல்லது அந்த அமைப்பின் வெளியீட்டில் அவர் சம்மதத்தோடு அது வந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படி இல்லை. நீங்களே வெளியிட்டாலும் அது வெளியிட்டதுதான். அதன் பிறகு அங்கே புதுமை கோர முடியாது. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. மாநாட்டுக்கு முன்பே இந்தியாவில் ஒரு புரொவிஷனல் விண்ணப்பம் போட்டுவிட்டால் முன்னுரிமைத் தேதி கிடைத்துவிடும். முழு விண்ணப்பத்தை அதிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மேடையில் பேசும் நாளைத்தான் வெளியிடும் நாள் என்று நினைத்துவிடுகிறார்கள். நிறைய மாநாடுகளில் சுருக்கமோ முழுக் கட்டுரைத் தொகுப்போ இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே இணையத்தில் ஏறிவிடும். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தேதியைத்தான். இன்றே அமைப்பாளர்களுக்கு ஒரு மெயில் போட்டு, தொகுப்பு என்று வெளியாகும் என்று கேளுங்கள். நான் பேட்டன்ட் ஏஜென்ட் இல்லை. உங்கள் கம்பெனிக்கு ஒருவர் இருப்பார், கட்டுரையை அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் “பிரச்சினை இல்லை” என்று எழுதும் ஒரு வரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தைவிடப் பலமானது.

காப்புரிமைக்கு வராத ரகசியங்களும் இருக்கின்றன. என் பிரிவில் ஒரு தம்பி, ரப்பர் புஷ் தேய்மானம் பற்றி எழுதியிருந்தார். அவருடைய முதல் வரைபடத்தில் செங்குத்து அச்சில் எங்கள் பம்பின் செயல்திறன் சதவீதம் அப்படியே இருந்தது. கீழே மாடல் எண்ணும் இருந்தது. போட்டிக் கம்பெனிக்காரர் அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே எங்கள் பம்ப் புதிதாக இருக்கும்போது எங்கே நிற்கிறது, ஆயிரம் மணி நேரம் ஓடிய பிறகு எங்கே இறங்குகிறது என்று தெரிந்துகொள்வார். நாங்கள் செய்தது எளிமையான மாற்றம்தான். ஒவ்வொரு அளவையும் புதிய பம்பின் அளவால் வகுத்து விகிதமாகப் போட்டோம், புதியது 1.00, தேய்ந்தது 0.93 என்கிற மாதிரி. மாடல் எண்ணை எடுத்துவிட்டு “ஆறு அங்குல ரேடியல் பம்ப்” என்று எழுதினோம். வாடிக்கையாளர் ஊர்ப் பெயர்களை நீக்கினோம். கட்டுரையின் அறிவியலில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. உங்கள் கட்டுரையிலும் இதைச் செய்து, திருத்திய பிரதியைக் கடிதத்தோடு இணையுங்கள். இறுதிப் பிரதி கொடுக்க இன்னும் நாள் இருந்தால் அதிலேயே மாற்றிவிடலாம்.

இப்போது பயனுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து, ஒரு மாநாட்டால் கம்பெனிக்கு உறுதியாகக் கிடைப்பது ஒன்றுதான்: நாம் செய்த சோதனையை, அதே வேலை செய்கிற இருபது முப்பது பேர் காசு வாங்காமல் அலசிச் சொல்கிறார்கள். ஆர்டர் வரும், கூட்டு முயற்சி வரும், நல்ல ஆட்கள் வேலைக்குச் சேர வருவார்கள் என்பதெல்லாம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நாங்கள் அனுப்பிய நான்கு பேரில் ஒருவருக்குக்கூட அதனால் ஆர்டர் வந்ததில்லை. சோதனை பற்றிய விமர்சனம் மட்டும் நான்கு பேருக்கும் கிடைத்தது.

அந்த ரப்பர் புஷ் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி, “மணலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?” என்பது. நாங்கள் மாற்றுவதே இல்லை. தொட்டியில் மணலைப் போட்டு அதே தண்ணீரை 200 மணி நேரம் சுற்றவிடுவோம். சுற்றச் சுற்ற மணலின் கூர் மழுங்கிவிடும். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு அது முன்போல் அரிக்காது. போர்வெல்லில் அப்படி இல்லை, ஒவ்வொரு நிமிடமும் புது மணல்தான் வருகிறது. சோதனை மேடையில் புஷ் நன்றாகத் தாங்குகிறது, வயலில் ஒரே சீசனில் போய்விடுகிறது என்று இரண்டு வருடமாக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். திரும்பி வந்த வாரமே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணல் மாற்றுவது என்று சோதனை முறையைத் திருத்தினோம். இதை எழுதிக் காட்டினால் எந்த முதலாளிக்கும் புரியும்.

ஆக, உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டியது கம்பெனி இப்போது பட்டுக்கொண்டிருக்கிற ஒரு கஷ்டம். அது உங்கள் கட்டுரையோடு எங்கே தொடுகிறது என்று காட்ட வேண்டும். உங்கள் தலைப்பு இதற்கு மிகவும் வசதியானது. நெக் ரிங் தேய்ந்தால் டெலிவரிப் பக்கத் தண்ணீர் திரும்பவும் இம்பெல்லர் வாய்க்கே கசிகிறது, மேலே வரும் தண்ணீர் குறைகிறது. இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவு உண்டு. அந்தக் கசிவு கூடும்போது இம்பெல்லரின் கீழ்த்தட்டை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருந்த அழுத்தம் குறைகிறது, கீழ்நோக்கிய தள்ளுவிசை கூடுகிறது. அந்தச் சுமை முழுவதும் மோட்டாரின் அடியில் இருக்கிற த்ரஸ்ட் பேரிங் தலையில் விழுகிறது. சர்வீஸ் ஆட்கள் “பேரிங் போச்சு, மோட்டார் கோளாறு” என்று எழுதிவிட்டுப் போவார்கள். கோளாறு தொடங்கிய இடம் பம்பில் இருக்கிறது.

சர்வீஸ் பிரிவுக்குப் போய், சென்ற வருடம் உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வந்த பம்புகளின் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு நாள் வேலை. அதில் பேரிங் போனவை எத்தனை, அவற்றில் நெக் ரிங் இடைவெளி அளந்து எழுதியவை எத்தனை என்று எண்ணுங்கள். அளந்து எழுதவில்லை என்றால் அதையும் கடிதத்தில் சொல்லலாம். இனி அளப்போம் என்பதே ஒரு பயன்தான். இந்த எண்கள் உங்களிடம் இருந்தால் மேனேஜர் உங்கள் கடிதத்தைத் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோய்ப் பேச முடியும். அவருக்கும் ஒருவரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாநாட்டு நிகழ்ச்சி நிரல் வெளிவந்திருந்தால் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். உங்கள் கட்டுரை தவிர வேறு எந்தெந்த அமர்வுகள் உங்கள் கம்பெனியின் வேலையைத் தொடுகின்றன என்று குறியுங்கள். மூன்று நாளில் நான்கைந்து கட்டுரைகள்தான் தேறும், அது போதும். அந்தக் கட்டுரைக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதுங்கள். கடிதத்திலேயே மூன்று கேள்விகள் இருந்தால், இவர் ஊர் சுற்றப் போகவில்லை என்பது தனியாகச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எந்த லீவு கேட்பது என்பதையும் யோசித்துக் கேளுங்கள். உங்கள் கையிருப்பிலிருந்து ஆறு நாள் ஈட்டிய விடுப்பு எடுத்துப் போனால் மேனேஜருக்குச் சுலபம். ஆனால் அப்போது நீங்கள் சொந்த வேலையாகப் போகிறீர்கள் என்று ஆகிவிடும். கம்பெனியின் விபத்துக் காப்பீடு வெளிநாட்டுப் பயணத்தில் உங்களுக்குப் பொருந்துமா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் இருக்கும். பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரில் பேசப் போகிறீர்கள், கம்பெனியின் அளவீடுகளைக் காட்டப் போகிறீர்கள், அதனால் ஆன் டூட்டி கேட்பதே முறை. கூட இரண்டு நாள் தங்கி ஊர் பார்க்க ஆசை இருந்தால் அதைத் தனியாக, ஈட்டிய விடுப்பாக, அதே கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதியை வைத்து அவர்களாகக் கண்டுபிடிப்பதுதான் கெட்ட பெயர்.

நாட்களையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாநாடு செவ்வாய் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொண்டால், ஞாயிறு கிளம்பி திங்கள் போய்ச் சேர்வது, மூன்று நாள் மாநாடு, வெள்ளி கிளம்பி சனி கோவை வருவது. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் சனிக்கிழமை வேலை நாள் என்பதால்தான் ஆறு நாள் ஆகிறது. இதை இரண்டு வரியில் எழுதிவிட்டால், மூன்று நாள் மாநாட்டுக்கு எதற்கு ஆறு நாள் என்ற கேள்வியே எழாது.

பணம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் மேனேஜர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதிவுக் கட்டணம் 650 யூரோ என்றால் 65,000, டிக்கெட் 70,000, விசாவும் காப்பீடும் 13,000, நான்கு இரவு அறைக்கு 40,000, சாப்பாடும் ரயிலும் 20,000. மொத்தம் 2,08,000 வருகிறது. இவை மாதிரி எண்கள்தான், உங்கள் மாநாட்டுக்கு விசாரித்து எழுதுங்கள். முழுவதையும் கேட்பதா, பதிவுக் கட்டணம் மட்டும் கேட்பதா, நாட்களை மட்டும் கேட்பதா என்று நீங்களே முடிவு செய்து கடிதத்தில் ஒரு வரியில் தெளிவாக வையுங்கள். “கம்பெனி எவ்வளவு தந்தாலும் சரி” என்று விட்டால் கடிதம் அக்கவுன்ட்ஸ் மேஜையில் தூங்கும். என் கருத்து, முதல் தடவை நாட்களையும் பதிவுக் கட்டணத்தையும் கேளுங்கள். டிக்கெட்டை மாநாட்டுக்காரர்களின் பயண உதவித் திட்டத்தில் முயன்று பாருங்கள், இல்லாவிட்டால் சொந்தப் பணம். கம்பெனி முழுச் செலவையும் ஏற்றால், ஒரு வருடமாவது வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கேட்பது வழக்கம். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

நீங்கள் இல்லாத ஆறு நாளைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும், ஆனால் ஆள் பெயரோடு எழுதுங்கள். அந்த வாரத்தில் ஐஎஸ் 8034 தரச் சோதனை ஏதாவது இருக்கிறதா, இன்ஸ்பெக்ஷனுக்கு யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட சக ஊழியரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். “வேலை பாதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்” என்ற வாக்கியத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஜெர்மனியில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வார் என்றுதான் தோன்றும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், இருந்தாலும் பொருளைத் தமிழில் தருகிறேன். எண்களுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“சார், நெக் ரிங் தேய்மானம் பற்றிய என் கட்டுரையை ஜெர்மனியில் வாசிப்பதற்காகத் திங்கள் முதல் சனி வரை ஆறு வேலை நாட்கள் ஆன் டூட்டி அனுமதியும், பதிவுக் கட்டணம் 650 யூரோவும் கேட்கிறேன். மற்ற செலவுகள் என்னுடையவை. சென்ற வருடம் உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வந்த ஆறு அங்குலப் பம்புகள் 118. அவற்றில் 37இல் த்ரஸ்ட் பேரிங் போயிருந்தது; அந்த 37இல் 29 பம்புகளின் நெக் ரிங் இடைவெளி டிராயிங் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இந்தத் தொடர்பைத்தான் நம் சோதனை மேடையில் அளந்து எழுதியிருக்கிறேன். மாநாட்டின் இரண்டாம் நாளில் மணல் தேய்மானம் பற்றி நான்கு கட்டுரைகள் இருக்கின்றன. அங்கே மூன்று கேள்விகளுக்கு விடை தேடி வருவேன்: சோதனைக்கு எந்த அளவு மணலைத் தண்ணீரில் எவ்வளவு கலக்கிறார்கள்; வயலில் ஒரு வருட ஓட்டத்துக்குச் சமமாக மேடையில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள்; ரிங்கைக் கடினமாக்குவதா, இம்பெல்லர் கழுத்தைக் கடினமாக்குவதா, எது நீடிக்கிறது. கட்டுரையில் மாடல் எண்ணும் செயல்திறன் அளவும் நீக்கப்பட்டு விகிதங்கள் மட்டும் உள்ளன. பேட்டன்ட் ஏஜென்ட் பார்த்த குறிப்பு இணைப்பில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் கட்டுரையை அனுப்பியது என் தவறு. இறுதிப் பிரதி உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே போகும். அந்த வாரச் சோதனைகளை இன்னார் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். திரும்பிய பத்து நாளுக்குள் இரண்டு பக்கக் குறிப்பு தருவேன், டிசைன், சர்வீஸ் பிரிவுகளுக்கு ஒரு மணி நேரம் பேசிக் காட்டுவேன்.”

இதில் எங்கேயும் “உலக அரங்கில்” என்றோ “பெருமை” என்றோ இல்லை. விடை தேடி வருவேன் என்றுதான் இருக்கிறது, விடையோடு வருவேன் என்று இல்லை. பேரிங் கோளாறு தீர்ந்துவிடும் என்று எழுதிவிட்டால் அடுத்த வருடப் பதிவேட்டை எடுத்துவைத்துக் கேட்பார்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் வாக்குக் கொடுங்கள்: குறிப்பும் ஒரு மணி நேரப் பேச்சும் உங்கள் கையில் இருக்கின்றன.

கடிதத்தோடு ஏற்புக் கடிதத்தை மட்டும் வைக்காமல், கட்டுரையை மதிப்பிட்டவர்களின் குறிப்புகளையும் வையுங்கள். பணம் கட்டினால் யாரையும் ஏற்கிற போலி மாநாடுகள் இப்போது ஏராளம். ஒரே ஹோட்டலில் ஒரே நாளில் மருத்துவம், மேனேஜ்மென்ட், இயந்திரவியல் என்று எல்லாவற்றுக்கும் மாநாடு நடத்துவார்கள். அனுப்பிய மூன்றாம் நாளே ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்வார்கள், அடுத்த மெயிலில் கட்டணம் கேட்பார்கள். மேனேஜருக்கு அந்தச் சந்தேகம் இருந்தால் அது நியாயமானது. “மூன்றாவது படத்தில் அளவீட்டுப் பிழை எவ்வளவு?” என்கிற மாதிரி ஒரு மதிப்பீட்டாளரின் வரி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். உங்களிடம் அப்படிக் குறிப்பே வரவில்லை என்றால், கடிதம் எழுதும் முன் அந்த மாநாட்டைப் பற்றி இன்னொருமுறை விசாரியுங்கள்.

காலம் பற்றி ஒன்று. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற நாள் இதில் சேரவில்லை. விண்ணப்பத்தோடு கம்பெனிக் கடிதம் வைக்க வேண்டும்: உங்கள் பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், அனுமதித்த நாட்கள், செலவு யாருடையது, திரும்பி வந்து வேலையில் சேர்வீர்கள் என்பது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும். அதனால் அனுமதி தாமதமானால் அனுமதி கிடைத்தும் பயனில்லாமல் போகும். மாநாட்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கடிதம் மேஜைக்குப் போய்விட வேண்டும். எந்தத் தேதிக்குள் பதில் தேவை, ஏன் தேவை என்று கடிதத்திலேயே எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது. குறைந்த பதிவுக் கட்டணத்துக்கான கடைசி நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது கம்பெனிப் பணம்.

விசா மறுக்கப்பட்டால் என்ன என்பதற்கும் அமைப்பாளர்களிடம் இப்போதே பதில் வாங்கி வையுங்கள். பதிவு செய்துவிட்டு யாரும் வந்து வாசிக்காத கட்டுரையைப் பல மாநாடுகள் தொகுப்பிலிருந்து நீக்கிவிடும். விசா கிடைக்காதவர்களுக்குச் சில இடங்களில் இணையவழியில் பேச விடுவார்கள், சில இடங்களில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். மேனேஜர் கேட்கும்போது சொல்ல உங்களிடம் அவர்களின் மெயில் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியாது என்று சொன்னால், காரணம் நாட்களா, பணமா, தகவலா என்று கேளுங்கள். பணம் என்றால் அதை விலக்கிக்கொண்டு நாட்களை மட்டும் கேட்கலாம். நாட்கள் என்றால் ஒரு நாள் குறைத்து, உங்கள் அமர்வு முடிந்ததும் கிளம்புவதாகச் சொல்லலாம். தகவல் என்றால் மட்டும் வற்புறுத்தாதீர்கள். கட்டுரையை இப்போதைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காப்புரிமை விண்ணப்பம் போட்ட பிறகு அடுத்த மாநாட்டுக்கு அனுப்ப அனுமதி தாருங்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அனுப்பாத இரண்டு பேரில் ஒருவர் அப்படித்தான் செய்தார். மறு வருடம் அவரையும் அனுப்பியிருப்போம். அதற்குள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். கட்டுரையை எங்கள் அனுமதியோடு அங்கிருந்தே வாசித்தார்.